ஊர்ப் பணிக்கு இணையத்தில் நிதி கேட்கிறீர்களா? பக்கத்தை வெளியிடுமுன் இவற்றைப் பாருங்கள்

உங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் கூட்டு நிதி திரட்டும் பக்கம் ஒன்றை இணையத்தில் போடப்போகிறது. எழுதி முடித்த வரைவை உங்களிடம் தந்து "ஒருக்கால் பார்த்துவிடுங்கள்" என்கிறார்கள். பெரும்பாலானோர் எழுத்துப்பிழைகளைத் திருத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எழுத்துப்பிழையால் எந்தச் சங்கமும் கெட்ட பெயர் வாங்கியதில்லை. செய்ய முடியாததைச் சொல்வதாலும், யாருக்கு என்ன அனுப்புவோம் என்று தெளிவாகச் சொல்லாததாலும், கேட்ட தொகை முழுவதும் சேராவிட்டால் சேர்ந்த பணத்துக்கு என்ன ஆகும் என்று எழுதாமல் விடுவதாலும்தான் கெட்ட பெயர் வருகிறது.

வலிகாமத்தில் எங்கள் வாசிகசாலையின் கூரையைப் புதுப்பிக்கப் போட்ட பக்கத்தைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. எதை யாரிடம் கேட்பது என்று சொல்லித்தர ஆள் இல்லாமல் மிகவும் அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். உதாரணங்கள் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்தவை. கணக்குப் புரிவதற்காகத் தொகைகளை முழு எண்களாக்கி, ஒரு ஸ்டேர்லிங் பவுணை 400 ரூபாவாக வைத்திருக்கிறேன். நீங்கள் அன்றைய வங்கி விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. பணம் யாருடைய கணக்குக்குப் போகிறது?

கிக்ஸ்டார்ட்டர், கோஃபண்ட்மீ போன்ற பெரிய தளங்களில் இலங்கை வங்கிக் கணக்கை வைத்து நேரடியாகப் பக்கம் திறக்க முடியாது. ஆகவே லண்டனிலோ ரொறன்ரோவிலோ சிட்னியிலோ இருக்கும் ஊரவர் ஒருவர் தன் பெயரில் திறக்கிறார். பணம் முதலில் அவருடைய கணக்குக்குப் போய், அங்கிருந்துதான் யாழ்ப்பாணத்துக்கு வருகிறது. இதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் பெரும்பாலான வரைவுகளில் இந்த வழி சொல்லப்படுவதேயில்லை. "நிதி வாசிகசாலைக்குச் செல்லும்" என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள்.

பக்கத்தில் நான்கு விடயங்கள் இருக்கவேண்டும்: பக்கத்தைத் திறந்தவர் யார், ஊருக்கும் அவருக்கும் என்ன உறவு, பணத்தை எந்த வழியால் அனுப்புவார், இங்கே யாருடைய பெயரில் உள்ள கணக்கு அதைப் பெறும். கோஃபண்ட்மீ போன்ற தளங்களே வேறு நாட்டில் உள்ளவர்களுக்காகப் பணம் சேர்ப்பவரிடம் இவற்றைக் கேட்கின்றன. பதில் தெளிவில்லையென்றால் பணத்தை எடுக்கும் நேரத்தில் நிறுத்திவைப்பார்கள். மழைக்கு முன் கூரை போடவேண்டியவர்களுக்கு அந்தத் தாமதமே போதும், வேலை அடுத்த வருடத்துக்குப் போய்விடும்.

இங்கே பெறும் கணக்கு சங்கத்தின் பெயரில், இரண்டு பேர் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும். தலைவரின் சொந்தக் கணக்கு என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒத்துக்கொள்ளாதீர்கள். உண்டியலில் அனுப்பினால் விலை கூடக் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். அதற்கும் இடம் கொடுக்காதீர்கள். உண்டியலில் வந்த பணத்துக்கு வங்கிச் சீட்டு இல்லை. நாளை ஒரு கொடையாளர் கேட்டால் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

2. கடதாசிகளை மேசையில் வையுங்கள்

வரைவை வாசிக்கத் தொடங்குமுன் செயலாளரிடம் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

- சங்கத்தின் பதிவுச் சான்றிதழ்
- இந்த வேலைக்கும் இந்தத் தொகைக்கும் பொதுக்கூட்டம் ஒப்புதல் தந்த கூட்டக் குறிப்பு
- காணி உறுதியின் பிரதி, அல்லது காணிக்காரரின் சம்மதக் கடிதம்
- கட்டட வேலைக்குப் பிரதேச சபையின் அனுமதி வேண்டுமா என்று விசாரித்த பதில்
- குறைந்தது மூன்று விலைமனுக்கள்
- வங்கிப் புத்தகமும் கடந்த வருடக் கணக்கறிக்கையும்
- பக்கத்தைத் திறப்பவர், சேரும் பணத்தைச் சங்கக் கணக்குக்கு அனுப்புவதாகக் கையொப்பமிட்ட கடிதம்

இவற்றுக்குப் பெரிய செலவில்லை. நாள்தான் போகும். பொதுக்கூட்டத்துக்கு முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். அலுவலகங்களில் "நாளைக்கு வாருங்கள்" என்ற பதில் இருக்கத்தான் செய்யும். ஒரு மாதம் ஒதுக்கிவிடுங்கள். விலைமனுவில் எத்தனை நாளைக்கு அந்த விலை செல்லும் என்று எழுதியிருக்கும். அது முடியும் தேதியைத் தனியாகக் குறித்துவையுங்கள், பின்னர் தேவைப்படும்.

3. "வோம்", "ப்போம்" என்று முடியும் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே கோடு போடுங்கள்

வரைவைக் கடதாசியில் அச்சடித்து, கையில் பேனாவுடன் உட்காருங்கள். அமைப்போம், வழங்குவோம், உயர்த்துவோம் என்று வருகிற இடமெல்லாம் ஒரு வாக்குறுதி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று கேள்விகளை எழுதுங்கள்: யார் செய்வார்? எப்போது முடியும்? முடிந்ததை எதைக் காட்டி நிறுவுவோம்? மூன்றுக்கும் மேசையில் உள்ள கடதாசியிலிருந்து பதில் வராவிட்டால் அந்த வாக்கியத்தைச் சுருக்கவேண்டும் அல்லது எடுக்கவேண்டும்.

எங்கள் வரைவில் இப்படி ஒரு பந்தி இருந்தது:

"யாழ் மாவட்டத்திலேயே சிறந்த நவீன நூலகத்தை மூன்று மாதங்களில் அமைப்போம். நாள்தோறும் நூற்றுக்கணக்கான மாணவர்கள் பயனடைவார்கள். ஒவ்வொரு மாணவருக்கும் கணினி வசதி வழங்குவோம். உங்கள் பணத்தில் ஒரு சதம்கூட வீணாகாமல் முழுவதும் கட்டடத்துக்கே செல்லும்."

எழுதிய தம்பி ஊர்மேல் உள்ள ஆசையில் எழுதினார். நல்ல மனதோடு எழுதியதைத் திருத்துவதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. ஆனால் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். வேலை கூரை மாற்றுவது. நவீன நூலகம் என்ற ஒன்று விலைமனுவில் இல்லை. மண்டபத்தில் இருக்கப்போவது இருபது கதிரை. வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் பாடசாலை நாட்களில் முப்பது பேரளவில் வந்து போகிறார்கள். கணினிக்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு ரூபாகூட இல்லை. கடைசி வரி எல்லாவற்றிலும் ஆபத்தானது. தளம் ஒவ்வொரு கொடையிலும் கட்டணம் கழிக்கிறது, வங்கி கழிக்கிறது, பரிசுகளை அனுப்பச் செலவு இருக்கிறது. "முழுவதும் கட்டடத்துக்கே" என்று எழுதிய அந்த நிமிடமே அது பொய்யாகிவிடுகிறது.

பேசிப் பேசி இப்படி மாற்றினோம்:

"வாசிகசாலையின் பழுதடைந்த கூரையைக் கழற்றிப் புதிய மரமும் ஓடும் போடுகிறோம். மின் இணைப்பைப் புதுப்பித்து, இருபது கதிரைகளும் மேசைகளும் இரண்டு அலுமாரிகளும் வாங்குகிறோம். இப்போது பாடசாலை நாட்களில் முப்பது பேரளவில் வருகிறார்கள். மழைக்காலத்தில் ஒழுக்கினால் மூடிவிடுகிறோம். தளக் கட்டணமும் வங்கிக் கட்டணமும் போக மிகுதியே வேலைக்கு வரும். அந்தக் கணக்கைக் கீழே தந்திருக்கிறோம்."

"இதைப் பார்த்து யார் காசு தருவார்கள்?" என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். மழைக்காலத்தில் மூடிவிடுகிறோம் என்ற வரியைப் படித்தவர்கள் தந்தார்கள். அந்த வாசிகசாலையில் படித்தவர்களுக்கு அந்த ஒழுக்கு தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். படங்கள்கூட வாக்குறுதிதான். இணையத்தில் எடுத்த அழகான நூலகப் படத்தைப் பக்கத்தின் தலையில் போட்டால், கொடையாளர் அதைத்தான் எதிர்பார்ப்பார். ஒழுகும் கூரையின் படத்தையே போடுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படமானால் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

4. நன்றிப் பரிசுகள்: ஒவ்வொன்றையும் எடை பார்த்து, பொதிசெய்து, கணக்குப் பாருங்கள்

எங்கள் வரைவில் இருந்தது இவ்வளவுதான்: "20 பவுணுக்கு மேல் தருவோருக்கு எமது மண்ணின் பாரம்பரியப் பரிசு அனுப்பிவைக்கப்படும்." என்ன பரிசு, எப்போது, எந்த நாடுகளுக்கு, தபால் செலவு யாருடையது, ஒரே ஆள் இரண்டு தடவை பத்துப் பத்துப் பவுணாகத் தந்தால் கிடைக்குமா? ஒன்றுக்கும் பதில் இல்லை. விசாரித்தால் ஒருவர் பனையோலைப் பெட்டி என்றார், இன்னொருவர் ஒடியலும் பனங்கட்டியும் என்றார்.

பெட்டியையே எடுத்துக்கொள்வோம். பெட்டி 1,000 ரூபா, பொதிசெய்ய 300 ரூபா, வெளிநாட்டுக்கு அனுப்ப 5,000 ரூபா என்று வைத்தால் 6,300 ரூபா. நாம் வைத்த விலையில் அது 15.75 பவுண். இங்கிலாந்தில் கோஃபண்ட்மீ ஒரு கொடைக்கு 2.9 வீதமும் 25 பென்சும் கழிக்கிறது. 20 பவுணில் அது 83 பென்ஸ். இரண்டையும் கழித்தால் கூரைக்கு மிஞ்சுவது 3 பவுண் 42 பென்ஸ். கொடையாளர் இருபது பவுண் வாசிகசாலைக்குக் கொடுத்ததாக நினைக்கிறார். உண்மையில் அதில் பெரும்பகுதி தபாலுக்குத்தான் போகிறது. இந்தக் கணக்கைச் செயற்குழுவுக்கு முன் எழுதிக் காட்டுங்கள். வாதம் அதோடு முடிந்துவிடும்.

தபால் செலவை ஊகிக்காதீர்கள். மாதிரிப் பொதி ஒன்றைக் கட்டி, தபால் கந்தோருக்குக் கொண்டுபோய் நிறுத்துக் கேளுங்கள். எந்த நாட்டுக்குக் கூடுதலாகக் கொடையாளர்கள் இருக்கிறார்களோ அந்த ஒவ்வொரு நாட்டுக்கும் கேளுங்கள்.

உணவுப் பொருட்களில் இன்னொரு பொறி இருக்கிறது. ஒடியலும் ஓலைப் பெட்டியும் தாவரப் பொருட்கள். அவுஸ்திரேலியாவுக்குள் வரும் தாவரப் பொருட்களைச் சோதிப்பார்கள். நிபந்தனைக்கு உட்படாதவற்றை அழித்துவிடவும்கூடும். மெல்பேர்னில் இருக்கும் கொடையாளருக்குப் பொதிக்குப் பதிலாக அதிகாரிகளின் கடிதம் போய்ச் சேர்ந்தால் அது உங்கள் சங்கத்தின் பெயரில்தான் போகும். எந்தெந்த நாடுகளுக்கு அனுப்பமாட்டீர்கள் என்பதைப் பரிசின் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அதிர்ஷ்டக் குலுக்கல் வேண்டவே வேண்டாம். "தருவோரில் ஒருவருக்குத் தங்கச் சங்கிலி" என்று எழுதும் ஆசை சிலருக்கு இருக்கும். கோஃபண்ட்மீ குலுக்கலைத் தடைசெய்திருக்கிறது. பக்கத்தையே மூடிவிடக்கூடும்.

நாங்கள் கடைசியில் வைத்தவை இரண்டுதான். எல்லாக் கொடையாளருக்கும் வேலை முடிந்ததும் படங்களோடும் கணக்கோடும் மின்னஞ்சல். 50 பவுணோ அதற்கு மேலோ தருவோரின் பெயர், அவர் விரும்பினால், வாசிகசாலைச் சுவரில் ஒரே பலகையில். பெயர்ப் பலகைக்கும் விதி எழுதவேண்டியிருந்தது: எந்தத் தேதிக்குள் பெயர் தரவேண்டும், தமிழிலா ஆங்கிலத்திலா, பெற்றோரின் நினைவாகப் போடலாமா, கூடுதலாகத் தந்தவரின் பெயர் பெரிதாக வருமா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்று எழுதினோம். எழுதாமல் விட்டிருந்தால் பலகை திறக்கும் நாளில் ஊரில் சண்டை வந்திருக்கும்.

5. இலக்கு தவறினால்: இந்தப் பகுதி இல்லாத பக்கத்துக்குச் சம்மதிக்காதீர்கள்

முதலில் தளம் எந்த வகை என்று உறுதிப்படுத்துங்கள். கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டினால்தான் ஆதரவாளரின் அட்டையிலிருந்து பணம் எடுக்கப்படும். எட்டாவிட்டால் யாரிடமும் எடுக்கப்படாது. ஆனால் அங்கே அறப்பணிக்கு நிதி திரட்ட அனுமதியில்லை. புத்தகம், இசைத்தட்டு, ஆவணப்படம் போல உருவாக்கித் தரும் ஒன்று வேண்டும். ஊரின் வரலாற்று நூல் அச்சிடுவதானால் பொருந்தலாம், கூரை பொருந்தாது. கோஃபண்ட்மீயில் எவ்வளவு சேர்ந்தாலும் அது உங்களிடம் வந்துவிடும். எங்கள் வரைவில் "இலக்கை எட்டாவிட்டால் உங்கள் பணம் எடுக்கப்படாது" என்ற வரி வேறு ஏதோ பக்கத்திலிருந்து வந்து ஒட்டியிருந்தது. எங்கள் தளத்தில் அது உண்மையல்ல. இப்படி நகலெடுத்த வரிகளைத் தேடிப் பிடியுங்கள்.

பணம் எப்படியும் வந்துவிடும் வகையில்தான் திட்டம் மிகவும் தேவை. பாதிப் பணத்தில் பாதிக் கூரையைத் திறந்துவிட்டு நிற்கும் மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். பழைய ஒழுக்கையும் விட அது மோசம்.

செய்யவேண்டியது இது: மேசனையும் தச்சரையும் கூட்டிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி நடவுங்கள். "எந்தப் பகுதியைத் தனியாக முடித்துவிட்டு நிறுத்தலாம்?" என்று கேளுங்கள். எங்கள் கட்டடத்தில் புத்தக அறைக்குத் தனிக் கூரை என்பதால் அதை மட்டும் முடிக்கலாம் என்றார்கள். அதிலிருந்து கணக்கு வந்தது.

புத்தக அறைக் கூரை 7 இலட்சம் ரூபா. மண்டபத்தோடு சேர்த்து முழுக் கூரை 17 இலட்சம். மின் இணைப்பு 2 இலட்சம், தளபாடம் 3 இலட்சம் சேர 22 இலட்சம். விலையேற்றத்துக்கும் பவுண் விலை இறங்குவதற்கும் பத்து வீதம் கூட்டினால் 24 இலட்சத்து 20 ஆயிரம், அதாவது 6,050 பவுண். வரைவில் இலக்கு 6,000 பவுண் என்று இருந்தது. அது முழுவதும் கைக்கு வந்தாலும் போதாது. 150 பேர் சேர்ந்து 6,500 பவுண் தந்தால் தளக் கட்டணம் 226 பவுண் போய் 6,274 மிஞ்சும். அதில் வேலைக்கான 6,050 போக, மீதி வங்கிக் கட்டணத்துக்கும் பெயர்ப் பலகைக்கும். ஆகவே இலக்கு 6,500.

இலக்குக்குக் குறைந்த படிகளுக்கும் இதே முறையில் கட்டணத்தைச் சேர்த்துப் பக்கத்தில் எழுதினோம்:

"6,500 பவுண் சேர்ந்தால் எல்லா வேலையும். 5,000க்கு மேல் சேர்ந்தால் முழுக் கூரை மட்டும். மின்சாரமும் தளபாடமும் பின்னர். 2,100க்கு மேல் சேர்ந்தால் புத்தக அறைக் கூரை மட்டும். அதற்கும் குறைந்தால் பக்கம் மூடிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள் எல்லோருக்கும் பணத்தைத் திருப்புவோம். இலக்கைத் தாண்டினால் மிகுதி புத்தகம் வாங்கவே செல்லும்."

திருப்புவோம் என்று எழுதினால் திருப்ப முடிய வேண்டும். பணம் தளத்திலேயே இருக்கும்வரை பக்கத்தைத் திறந்தவர் அங்கிருந்தே திருப்பிவிடலாம். யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த பிறகு நூறு பேருக்குத் தனித்தனியாகத் திருப்பியனுப்புவது நடக்காத காரியம். ஆகவே எந்தப் படி என்று தீர்மானிக்கும் நாள்வரை பணத்தை எடுக்கக்கூடாது என்று பக்கத்தைத் திறந்தவரிடம் எழுத்தில் வாங்குங்கள். எங்கள் பக்கத்தை லண்டனில் திறந்த தம்பி, "அண்ணை, கிழமைக்குக் கிழமை அனுப்பினால் நல்லதல்லவா?" என்று கேட்டார். மேலேயுள்ள காரணத்தைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். பணம் தளத்தில் எவ்வளவு காலம் இருக்கலாம், திருப்பும்போது கட்டணம் யாருடைய தலையில் விழும் என்பதை அந்தந்தத் தளத்தின் விதிகளில் பார்த்து அதையும் எழுதிவிடுங்கள்.

6. நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

இங்கே ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மாரி. கூரை வேலை செப்டெம்பர் முடிவுக்குள் முடியவேண்டும். ஆறு கிழமை வேலையென்றால் ஓகஸ்ட் நடுவில் தொடங்கவேண்டும். மரமும் ஓடும் அதற்கு முன் வந்திறங்க, பணம் ஜூலை நடுவில் சங்கக் கணக்கில் இருக்கவேண்டும். தளம் விடுவிக்கவும் வங்கி மாற்றத்துக்கும் மூன்று கிழமை ஒதுக்குங்கள். முதல் தடவை பெரிய தொகை வரும்போது வங்கி நோக்கம் கேட்கும். இரண்டாம் பகுதியில் சொன்ன கடதாசிகளின் பிரதி அப்போது உதவும். அப்படியானால் பக்கம் மே நடுவில் திறந்து ஜூன் நடுவில் மூடவேண்டும். கடதாசி வேலை மார்ச்சில் தொடங்கவேண்டும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவர்களிடம் கேட்கலாம் என்று ஓகஸ்டில் பக்கம் திறக்க விரும்புவார்கள். ஆட்கள் வருவது உண்மை. ஆனால் அந்தப் பணத்தில் அந்த வருடக் கூரை போட முடியாது. அப்படித் திறந்தால் வேலை அடுத்த தை மாதத்துக்குப் பின்னர்தான் என்று பக்கத்தில் எழுதியே ஆகவேண்டும். விலைமனுவையும் அப்போது புதிதாக எடுக்கவேண்டும்.

7. ஊரைத் தெரியாத ஒருவரிடம் கைத்தொலைபேசியில் வாசிக்கக் கொடுங்கள்

திருத்திய பக்கத்தைச் செயற்குழுவில் இல்லாத, முடிந்தால் வேறூரைச் சேர்ந்த ஒருவருக்கு அனுப்புங்கள். பெரும்பாலான கொடையாளர்கள் கைத்தொலைபேசியில்தான் வாசிப்பார்கள் என்பதால் அவரும் அதில்தான் வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் பக்கத்தைப் பார்க்காமல் அவர் இவற்றுக்குப் பதில் சொல்லவேண்டும்: என்ன வேலை? பணம் யாருடைய கணக்குக்கு வருகிறது? 50 பவுண் தந்தால் எனக்கு என்ன கிடைக்கும், எப்போது? 4,000 பவுண் மட்டும் சேர்ந்தால் என்ன செய்வார்கள்? எங்களுக்காக வாசித்த மானிப்பாய் ஆசிரியை முதல் மூன்றுக்கும் சரியாகச் சொன்னார். நான்காவதில் தடுமாறினார். படிகள் பக்கத்தின் அடியில், படங்களுக்குக் கீழே கிடந்தன. வரவு செலவுக் கணக்குக்கு நேர் கீழே தூக்கிவைத்தோம்.

அதன் பின் பக்கத்தை அச்சடித்துத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரிடமும் கையொப்பம் வாங்கி, தேதியிட்டுக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டுங்கள். கையொப்பமிட்ட அந்த அச்சுப் பிரதியின் படம் ஒன்றைப் பக்கத்தைத் திறப்பவருக்கும் அனுப்புங்கள். வெளியிட்ட பிறகு யாராவது ஒரு வரியைக் கூட்டவோ குறைக்கவோ விரும்பினால் மூவரும் திரும்பக் கையொப்பமிட வேண்டும். பரிசைப் பற்றியோ படிகளைப் பற்றியோ ஏதாவது மாறினால் அதுவரை பணம் தந்த எல்லோருக்கும் அன்றே அறிவிக்கவேண்டும்.